போட்டு வைத்த தேதி யாருடையது?

கேள்வி: ஐயா, தேவகோட்டைக்குப் பக்கத்தில் அப்பா கட்டிய கல்யாண மண்டபத்தை இரண்டு வருஷமாக நான் பார்த்துக்கொள்கிறேன். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்தைப் பெரியவர் ஒருவர் "போட்டு வைங்க, சொல்றேன்" என்று போனில் சொல்லி ஒரு மாசமாச்சு, பதில் இல்லை. இப்போது வேறொருவர் முழு அட்வான்ஸோடு அதே தேதியைக் கேட்கிறார். மறுநாள் திங்களும் முகூர்த்தம். அதற்கு ஒரு கல்யாணம் ஏற்கெனவே உறுதி. இதற்கு நடுவில், வைகாசிக் கல்யாணத்துக்கு 50,000 ரூபாய் கட்டியவர்கள் பங்காளி வீட்டில் சாவு என்று ரத்து செய்துவிட்டு, முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்கிறார்கள். வாடகை 1,50,000. ரசீதில் "அட்வான்ஸ் திருப்பித் தரப்பட மாட்டாது" என்று அச்சடித்திருக்கிறோம். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

தம்பி, பணத்தோடு வந்தவரிடம் "ரெண்டு நாள் பொறுங்க" என்று சொல்லிவிட்டு, முதலில் அந்தப் பெரியவருக்குப் போன் போடுங்கள். ஒரு மாசம் பேசாமல் இருந்தது அவர் தப்புதான். ஆனால் எப்போது வரை காத்திருப்போம் என்று நாமும் அவருக்குச் சொல்லவில்லை. கெடு சொல்லாமல் போட்டு வைத்த தேதியைச் சொல்லாமலே எடுத்துக் கொடுத்தால், நாளைக்குக் காரைக்குடி முழுக்க உங்கள் மண்டபத்தைப் பற்றி ஒரே பேச்சாக இருக்கும். அவரிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "ஐயா, அந்த ஞாயிற்றுக்கிழமையை இன்னொருத்தர் கேட்டு வந்திருக்காங்க. நீங்கதான் முதல்ல சொன்னீங்க, அதனால உங்களுக்குத்தான் முதல் உரிமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்குள்ள அட்வான்ஸ் கட்டிட்டா தேதி உங்களுக்கு. இல்லேன்னா அவங்களுக்குக் கொடுத்துடறேன்." பேசி முடித்த கையோடு அதையே வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பிவிடுங்கள்.

போனை வைப்பதற்கு முன்னால் இன்னொன்று கேளுங்கள். பெண் யார் வீடு, மாப்பிள்ளை யார் வீடு? இதை நான் சும்மா சொல்லவில்லை. பல வருஷம் முன்பு ஒரு தை மாதம், கோட்டையூர் ஆச்சி ஒருவர் நேரில் வந்து ஒரு தேதியைச் சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் சென்னையிலிருந்து ஒருவர் போனில் அதே தேதியைக் கேட்டார். நான் இல்லை என்றேன். அவர் வருத்தத்தோடு புதுவயல் பக்கம் வேறு மண்டபம் பார்த்து அட்வான்ஸும் கட்டிவிட்டார். பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது, ஆச்சி பெண்ணுக்கு அப்பத்தா, சென்னைக்காரர் மாப்பிள்ளைக்கு அப்பா. இரண்டு தரப்பும் ஒரே கல்யாணத்துக்காக, ஒருவருக்கொருவர் சொல்லாமல், நல்ல தேதி போய்விடுமே என்ற பதற்றத்தில் என்னிடம் வந்திருக்கிறார்கள். தேதிகள் மோதவே இல்லை. பெயர் கேட்காததால் மோதியதுபோல் எனக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

நம் ஊரில் இது அடிக்கடி நடக்கும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள், முடிவு எடுப்பவர் இங்கே வீட்டில் இருப்பார், பணம் அனுப்புபவர் வேறொருவராக இருப்பார். அதனால் உங்கள் நோட்டில் ஒரு தேதிக்கு நேரே "செட்டியார், தேவகோட்டை" என்று மட்டும் எழுதினால் போதாது. பெண் வீடு, மாப்பிள்ளை வீடு இரண்டுக்கும் ஊர், விலாசம், நகரத்தார் என்றால் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள் என்பது, எல்லாம் எழுதுங்கள். வெவ்வேறு பெயரில், வெவ்வேறு போன் நம்பரில் வந்தாலும் விலாசத்தைப் பார்த்தால் ஒரே குடும்பம் என்று தெரிந்துவிடும். அதோடு "இந்தத் தேதி விஷயமாக நான் யாரிடம் பேச வேண்டும்" என்று கேட்டு ஒருவர் பெயரை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒருவர் சொன்னால்தான் உறுதி, அவர் சொன்னால்தான் ரத்து.

தேதியைப் பிடித்து வைக்கக் கேட்பவர்களை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவர்கள் கையில் அப்போது முழுத் தகவல் இருக்காது. தினசரி காலண்டரில் முகூர்த்தம் என்று போட்டிருப்பது எல்லாருக்கும் பொதுவான நாள். அந்த நாள் இந்த மணமக்களுக்குப் பொருந்துமா என்பது வேறு கணக்கு. பையன் ராசிக்கோ பெண் ராசிக்கோ அன்று சந்திராஷ்டமம் என்றால் ஜோசியர் வேண்டாம் என்பார். பெண் வீட்டார் வாக்கியப் பஞ்சாங்கம் பார்ப்பவர்களாகவும் மாப்பிள்ளை வீட்டார் திருக்கணிதம் பார்ப்பவர்களாகவும் இருந்தால், திதியும் நட்சத்திரமும் முடிகிற நேரம் இரண்டிலும் ஒன்றுபோல் இருக்காது. சில நாளில் மணிக்கணக்கில் மாறும். ஒரு பஞ்சாங்கத்தில் விடிகாலை முகூர்த்தத்துக்கு நல்ல திதி இருக்கும், இன்னொன்றில் அது அதற்கு முன்பே முடிந்திருக்கும். அதனால்தான் "மூணு தேதியும் போட்டு வைங்க" என்கிறார்கள். ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றையும் கழித்தால் வருஷத்தில் மிச்சம் 9 மாதம். அதில் வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழுவது சில நாள்தான். அந்தச் சில நாளைத்தான் ஊரே கேட்கிறது.

அதனால் பிடித்து வைக்க மாட்டேன் என்று சொல்லாதீர்கள். பிடித்து வைப்பதற்கு ஒரு கெடு சொல்லுங்கள். நான் கடைப்பிடிப்பது இப்படி. கல்யாணத்துக்கு ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் ஏழு நாள். அதற்குள் என்றால் மூன்று நாள். ஒரு குடும்பத்துக்கு இரண்டு தேதிக்கு மேல் இல்லை. இரண்டில் ஒன்று உறுதியானால் மற்றது அந்த நிமிஷமே விடுபட்டுவிடும், அதற்காக நான் யாரிடமும் மறுபடி கேட்க மாட்டேன். இரண்டாவதாக ஒருவர் அதே தேதியைக் கேட்டால், "இல்லை" என்று சொல்லாமல் இரண்டாம் பிடியாக எழுதிக்கொள்வேன். முதல் பிடிக்காரருக்கு உடனே தகவல் போகும், 48 மணி நேரத்தில் அவர் அட்வான்ஸ் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இரண்டாம் பிடி முதலாகிவிடும். இதைப் பிடித்து வைக்கிற அன்றைக்கே சொல்லிவிட்டால் யாருக்கும் கோபம் வருவதில்லை. நடுவில் சொன்னால்தான் "எங்களைத் துரத்துறாங்க" என்று வரும். உங்கள் பெரியவருக்கு இன்று அந்தச் சங்கடம் இருக்கத்தான் செய்யும், கொஞ்சம் தணிந்து பேசுங்கள்.

நான் அனுப்புகிற செய்தியை அப்படியே தருகிறேன், வேண்டியதை மாற்றிக்கொள்ளுங்கள்:

"ஆவணி ஞாயிறு முகூர்த்தத்துக்கு (சனி மதியம் 3 முதல் ஞாயிறு மதியம் 3 வரை) மண்டபம் உங்கள் பெயரில் வியாழன் மாலை 6 மணி வரை பிடித்து வைக்கப்பட்டுள்ளது. இதற்குப் பணம் எதுவும் பெறவில்லை. அட்வான்ஸ் 50,000 கட்டி ரசீது பெற்றால் மட்டுமே தேதி உறுதி. வேறு யாராவது இதே தேதியைக் கேட்டால் உங்களுக்குத் தெரிவிப்போம்; அதிலிருந்து 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும்."

கிழமையோடு ஆங்கிலத் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். "ஆவணி 2-வது ஞாயிறு" என்று பேசி, ஒருவர் ஒரு ஞாயிறையும் மற்றவர் அடுத்த ஞாயிறையும் நினைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் செய்தியில் "பணம் எதுவும் பெறவில்லை" என்ற வரி முக்கியம். நம் பக்கத்துப் பெரியவர்கள் தேதி சொல்ல வரும்போது வெறுங்கையோடு வர மாட்டார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழம், மேலே 1001 ரூபாய். நாமும் மரியாதைக்கு வாங்கி சாமி படத்தடியில் வைத்துவிடுவோம். நாம் அதைச் சம்பிரதாயமாக நினைப்போம். அவர்களுக்கோ தட்டு மாற்றியாச்சு என்றால் மண்டபம் முடிந்தது என்று அர்த்தம். பத்திரிகை அடிக்கவே கொடுத்துவிடுவார்கள். அதனால் தட்டை வாங்குங்கள், வெற்றிலையையும் பழத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், பணத்தைத் தட்டிலேயே விட்டுத் திருப்பிக் கொடுத்து, "அட்வான்ஸ் கட்டுற அன்னைக்கு இதையும் சேர்த்தே வாங்கிக்கிறேன் ஆச்சி" என்று சொல்லுங்கள். பிடித்து வைக்கும் காலத்தில் ஐநூறு ரூபாய்கூட வாங்காதீர்கள். வாங்கிய தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும், பிற்பாடு வழக்கு என்று வந்தால் அதை வைத்துத்தான் "ஒப்பந்தம் ஆகிவிட்டது" என்பார்கள்.

இன்னொரு இடத்திலிருந்தும் தேதி கசியும், அதையும் சொல்லிவிடுகிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு மண்டபத்தில் நோட்டு என்னிடம் இருந்தது. ஒரு வைகாசி முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கி, ரசீது போட்டு, பேனாவில் எழுதியும் விட்டேன். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கையில் வேறொரு குடும்பம் பத்திரிகையோடு வந்தது. அதில் எங்கள் மண்டபத்தின் பெயர், அதே தேதி. முதலாளி ஒரு கோயில் கும்பாபிஷேகத்தில் அவர்களைப் பார்த்தபோது "நம்ம மண்டபம்தானே, எடுத்துக்கங்க" என்று சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். பத்திரிகை அச்சடித்த குடும்பத்துக்கு நாங்களே வேறு மண்டபம் பிடித்து, வாடகை வித்தியாசத்தையும் கொடுத்து, வாசலில் வழி காட்ட ஆளும் நிறுத்தினோம். அந்த வீட்டு அம்மா அன்று பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. உங்கள் வீட்டில் அப்பா, சித்தப்பா, யாராக இருந்தாலும், தேதி கேட்டால் "தம்பிகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்ற ஒரு வாக்கியம் மட்டும்தான் அவர்கள் வாயிலிருந்து வர வேண்டும். நோட்டு ஒன்றுதான். தினமும் சாயங்காலம் அந்த மாதத்துப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள்.

இனி அந்த ஞாயிறும் திங்களும். உங்கள் நோட்டில் ஒரு தேதிக்கு ஒரு கட்டம் இருந்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும், சிக்கலே இல்லை என்று தோன்றும். ஆனால் ஒரு கல்யாணம் இரண்டு தேதியில் கால் வைக்கிறது. முதல் நாள் மதியம் மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள், மாலை மாப்பிள்ளை அழைப்பு, வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம், மதியப் பந்தி. அதனால் ஒவ்வொரு தேதியையும் முற்பகல், பிற்பகல் என்று இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம் சனி பிற்பகலையும் ஞாயிறு முற்பகலையும் எடுக்கும். திங்கள் கல்யாணம் ஞாயிறு பிற்பகலையும் திங்கள் முற்பகலையும் எடுக்கும். கட்டத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் உட்கார்ந்துவிடும்.

நடைமுறையில் தொடும், அதுவும் மேடையில் இல்லை, சமையல்கட்டில். ஞாயிறு முகூர்த்தம் 9 முதல் 10.30 என்றால், கடைசிப் பந்தி எழும்போது 3 மணி ஆகிவிடும். பாத்திரம் கழுவி எண்ணி ஒப்படைக்க இன்னும் ஒன்றரை மணி நேரம். திங்கள் கல்யாணத்துச் சமையல் மாஸ்டருக்கோ ஞாயிறு மாலை ஏழு மணிக்கு வரவேற்பு டிபன் போட வேண்டும். அவர் மதியம் 12 மணிக்கே காய்கறி மூட்டையோடும் ஆட்களோடும் பின்வாசலில் நிற்பார். ஒரே அடுப்பை இரண்டு பேர் கேட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அடுத்தது அறைகள். விருந்தாளிகள் சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள், பெட்டி அறையில் இருக்கும், சாவி யாரிடம் என்று தெரியாது, அந்த நேரத்தில் அடுத்த மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்குவார்கள்.

எனவே ஞாயிறு கேட்கிற யாராக இருந்தாலும், பெரியவரானாலும் அட்வான்ஸோடு வந்தவரானாலும், முகூர்த்த நேரம் என்ன என்று கேளுங்கள். 4.30 முதல் 6, அல்லது 6 முதல் 7.30 என்றால் தைரியமாகக் கொடுக்கலாம். அவர்களுக்குக் காலை டிபன்தான் பெரிய பந்தி, மதியச் சாப்பாடு வீட்டோடு இருப்பவர்களுக்கு மட்டும் இருக்கும், ஒரு மணிக்குள் முடிந்துவிடும். 9 மணி முகூர்த்தம் என்றால், மண்டபத்தை 2 மணிக்குக் காலி செய்ய வேண்டும், சமையல்கட்டை 1 மணிக்குள் விட வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டால் மட்டும் கொடுங்கள். திங்கள் வீட்டாருக்கும் இன்றே போன் செய்து, "ஞாயிறு ஒரு கல்யாணம் இருக்கு, உங்களுக்கு மண்டபம் 4 மணிக்குத்தான் கைக்கு வரும், சம்மதமா" என்று கேட்டுவிடுங்கள். அவர்களுக்கு 3 மணி என்று எழுதிக் கொடுத்திருந்தால் அந்த ஒரு மணி நேரம் அவர்களுடையது. அவர்கள் சம்மதம் இல்லாமல் நீங்கள் அதை எடுக்க முடியாது. பின்பக்கம் கீற்றுப் பந்தல் போட்டுத் தற்காலிக அடுப்பு வைத்துக் கொடுத்தால் சமையல்கட்டுச் சண்டை பாதி தீர்ந்துவிடும். அந்தச் செலவை மண்டபம்தான் ஏற்க வேண்டும், ஏனென்றால் இரண்டு வாடகை வாங்குவது மண்டபம்.

இப்போது வைகாசிக் குடும்பம். ரசீதில் அச்சடித்த வரியை வைத்துக்கொண்டு முழுப் பணத்தையும் நிறுத்திவிட முடியும் என்று நினைக்காதீர்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 74-ஆவது பிரிவு என்ன சொல்கிறது என்றால், ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று தொகையை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாலும், கிடைப்பது அந்தத் தொகைக்கு மிகாத நியாயமான இழப்பீடுதான். நஷ்டமே ஏற்படாதபோது முன்பணத்தை விழுங்கிவிட முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2015-இல் டெல்லி நிலம் ஒன்றைப் பற்றிய கைலாஷ் நாத் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்தக் குடும்பம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் உங்களிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "உங்களுக்கு எவ்வளவு நஷ்டம்?"

அதேபோல, சாவு வீடு என்பதால் முழுப் பணத்தையும் திருப்ப வேண்டிய சட்டக் கட்டாயமும் இல்லை. மண்டபம் தயாராக இருக்கிறது, அவர்கள்தான் வர முடியவில்லை. 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தபோது நிலைமை வேறு. அரசாங்கமே மண்டபத்தை மூடச் சொன்னது, யார் மேலும் தப்பு இல்லை. அப்போது நான் பார்த்த மண்டபங்களில் பணத்தைத் திருப்பினோம், அல்லது அவர்கள் சம்மதத்தோடு தேதியை மாற்றினோம். இது அப்படி இல்லை.

ஆகவே நஷ்டத்தைக் கணக்குப் போடுங்கள். அதற்கு முதலில் அந்த வைகாசித் தேதியை மறுபடி விற்க முயற்சி செய்ய வேண்டும். நஷ்டத்தைக் குறைக்க உங்களால் என்ன முடிந்ததோ அதையும் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளும். இன்றைக்கே உங்கள் நோட்டில், அந்தத் தேதி இல்லை என்று நீங்கள் திருப்பி அனுப்பியவர்கள் பெயர் இருந்தால் அவர்களுக்குப் போன் செய்யுங்கள். இப்படித் திருப்பி அனுப்புகிறவர்களின் நம்பரை எழுதி வைப்பது எதற்கு என்று கேட்பார்கள், இதற்குத்தான். சமையல் மாஸ்டர்களுக்கும் மேளக்காரர்களுக்கும் சொல்லி வையுங்கள், யார் மண்டபம் கிடைக்காமல் தவிக்கிறார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். கல்யாணம் கிடைக்காவிட்டால் அறுபதாம் கல்யாணம் கிடைக்கலாம். அது பிறந்த மாதத்தையும் நட்சத்திரத்தையும் பார்த்து வருவது, ஊரெல்லாம் தேடுகிற அதே முகூர்த்த நாளாக இருக்க வேண்டும் என்பதில்லை.

உங்கள் கணக்கு இப்படி வரும். வேறொரு குடும்பம் அதே தேதியை 1,50,000-க்கே எடுத்துக்கொண்டால் உங்களுக்கு வாடகையில் நஷ்டமே இல்லை. போன் செலவு, அலைச்சல், ரசீது வேலைக்கு 2,000 பிடித்துக்கொண்டு 48,000 திருப்பிக் கொடுங்கள். நாள் குறைவு என்று வாடகையைக் குறைத்து 1,20,000-க்குக் கொடுக்க நேர்ந்தால் நஷ்டம் 30,000, அதோடு அந்த 2,000. திருப்ப வேண்டியது 18,000. யாருமே வரவில்லை என்றால், 1,50,000-இல் உங்களுக்கு மிச்சமாகும் துப்புரவுக் கூலி, கரண்ட், ஜெனரேட்டர் டீசல், எல்லாம் சேர்த்து 20,000 என்று வையுங்கள். மீதி நஷ்டம் 1,30,000, அது அட்வான்ஸைவிட அதிகம். அப்போது 50,000-ஐயும் நீங்கள் வைத்துக்கொள்வதற்கு நியாயம் இருக்கிறது. எந்தத் தொகை என்பது அந்தத் தேதி கடந்த பிறகுதான் தெரியும். அதனால் இன்று "தர மாட்டேன்" என்றும் சொல்லாதீர்கள், "தருகிறேன்" என்றும் சொல்லாதீர்கள். "தேதியை மறுபடி கொடுக்க முயற்சி பண்றேன். கிடைக்கிறதைப் பொறுத்து, அந்த முகூர்த்தம் முடிஞ்ச ஏழு நாளுக்குள்ள கணக்கோட பணம் வரும்" என்று எழுதிக் கொடுங்கள். இனி அடிக்கிற ரசீதிலும் பழைய வரியை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்.

ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால், பணக் கணக்குக்கு முன்பே வேறொன்றைச் சொல்வேன். கல்யாணம் நின்றுவிட்டதா, தள்ளிப் போகிறதா என்று கேட்பேன். பங்காளி வீட்டுச் சாவு என்றால் பெரும்பாலும் தள்ளித்தான் போகும். தள்ளிப் போகிறது என்றால் 50,000-ஐ அப்படியே அடுத்த தேதிக்கு மாற்றிவிடுங்கள். இதில் பல மண்டபங்கள் "ஓராண்டுக்குள்" என்று போடுகின்றன. அது போதாது. சில வீடுகளில் தீட்டுக் கழிந்ததும் கல்யாணத்தை வைத்துவிடுவார்கள், சில வீடுகளில் வருஷத் திதி முடியும் வரை சுப காரியம் எடுக்க மாட்டார்கள். திதி முடிந்து, நாள் பார்த்து, முகூர்த்தம் அமைவதற்குள் ஒரு வருஷக் கெடு ஓடிப்போயிருக்கும். 18 மாதம் கொடுங்கள். வாடகை ஏறியிருந்தால் ஏறிய வாடகையை அவர்கள் கட்ட வேண்டும், வைகாசித் தேதி காலியாகவே போனால் 10,000 கழித்துக்கொள்வீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். மணமக்களில் ஒருவருக்கோ, பெற்றவர்களுக்கோ ஏதாவது ஆகி ரத்தானால் நான் எந்தக் கணக்கும் பார்ப்பதில்லை, முழுப் பணமும் அவர்களுக்கே திரும்பிப் போய்விடும். அந்த வீட்டு வாசலில் நின்று ரூபாய் பேச என்னால் முடியாது.

திருப்பிக் கொடுக்கும்போது ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு, பணம் எந்த வங்கிக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்குத்தான் போக வேண்டும். சம்பந்தம் முறிந்து ரத்தான கல்யாணங்களில் இரண்டு வீட்டாரும் "பாதி நாங்கதான் கொடுத்தோம்" என்று வருவார்கள். அதற்கு நடுவில் நீங்கள் பஞ்சாயத்து செய்யக் கூடாது. ஏன் ரத்தானது என்று தேதியைப் புதிதாகக் கேட்கிறவர்களிடம் சொல்லவும் கூடாது. "காலியாச்சு" என்பது போதும், அது ஒரு பெண்ணின் வாழ்க்கை.

பணம் வாங்குவதில் இரண்டு சங்கதி. ஒரு கல்யாணத்துக்கு ஒருவரிடமிருந்து ரொக்கமாக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ வாங்கக் கூடாது என்பது 2017 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டம். அட்வான்ஸ் ஒரு நாள், பாக்கி ஒரு நாள் என்று பிரித்து வாங்கினாலும் ஒரே நிகழ்ச்சி என்பதால் சேர்த்துத்தான் பார்ப்பார்கள், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். உங்கள் வாடகை 1,50,000-தான், ஆனால் பாத்திரம், ஜெனரேட்டர், அலங்காரம் என்று சேர்த்து வாங்கினால் எல்லை தாண்டிவிடும், அதனால் பாக்கியை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அட்வான்ஸ் வாங்கும்போதே அதற்கு வரி உண்டு. திருப்பிக் கொடுத்தால் அதற்கென்று ரீஃபண்ட் வவுச்சர் போட வேண்டும், ஆடிட்டரிடம் இந்த வைகாசிக் கணக்கைக் காட்டிவிடுங்கள்.

பெரியவர் வெள்ளிக்கிழமை மாலை வரை பேசாவிட்டால், ஆறு மணிக்கு இன்னொரு தடவை போன் செய்யுங்கள். எடுக்காவிட்டால் தேதி விடுபட்டது என்று செய்தி அனுப்பிவிட்டு, பணத்தோடு வந்தவரைச் சனிக்கிழமை காலை ரசீதுப் புத்தகத்தோடு உட்கார வைத்து, முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டே எழுத ஆரம்பியுங்கள்.